வெப்பத்தை இழந்தால் சூடேறும் சூரியன்

கேள்வி: நட்சத்திரங்களுக்குள் நடப்பது ஐதரசன் குண்டில் நடக்கும் அதே வேலைதான் என்கிறார்கள். பிறகு ஏன் சூரியன் வெடித்தும் போகாமல், அணைந்தும் போகாமல் இத்தனை கோடி ஆண்டுகளாக ஒரே சீராக ஒளிர்கிறது?

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடையில் பாதிதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஈர்ப்பு உள்நோக்கி இழுக்கிறது, ஐதரசன் கருக்கள் ஒன்றுசேர்ந்து சக்தியை வெளிவிடும் கரு இணைவு வெளிநோக்கித் தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருப்பதால் நட்சத்திரம் நிலைக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஈர்ப்பும் உள்ளமுக்கமும் சமமாக இருப்பது உண்மை. ஆனால் சூரியனைத் தாங்கி நிற்கும் அமுக்கம் சூடான வாயுவின் அமுக்கம். இணைவு அந்தச் சூட்டில் கசிந்து போவதை ஈடுசெய்வதோடு நின்றுவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், சூரியன் வெடிக்காமல் இருப்பதற்கும் அணையாமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே என்பது விளங்கும்.

முதலில் அமுக்கத்தைப் பார்ப்போம். இரணைமடுக் குளத்தில் இறங்கிப் போனால் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடும். ஏனெனில் எந்த ஆழத்தில் இருக்கும் நீரும் தனக்கு மேலே நிற்கும் நீர் முழுவதையும் தாங்கியாக வேண்டும். சூரியனிலும் ஒவ்வொரு படையும் தனக்கு மேலுள்ள படைகளின் நிறையைத் தாங்குகிறது. அங்கே ஆழம் 7 இலட்சம் கிலோமீற்றர் என்பதும், மேற்பரப்பிலேயே ஈர்ப்பு பூமியில் உள்ளதைப் போல 28 மடங்கு என்பதும்தான் வேறுபாடு. அதனால் மையத்தில் அமுக்கம் ஏறத்தாழ 25,000 கோடி வளிமண்டலங்கள். அங்குள்ள வாயுவின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப் போல 150 மடங்கு.

இந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பதைச் சிறிய கணக்கொன்றால் காணலாம். அமுக்கம் தாங்க வேண்டியதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் குறைந்து, அந்தக் குறை அப்படியே நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்பில் ஈர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 274 மீற்றர். அதில் நூற்றில் ஒரு பங்கு 2.74. இந்த ஆர்முடுகலோடு விழும் மேற்பரப்பு 70,000 கிலோமீற்றர், அதாவது ஆரையில் பத்தில் ஒரு பங்கு, உள்ளே இறங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போதும். அமுக்கம் முழுவதுமே இல்லாமற் போனால் சூரியன் அரை மணி நேரத்தில் மையத்தில் போய் விழுந்துவிடும். நேற்றுப் பார்த்த அளவிலேயே இன்றும் அது தெரிகிறது என்பதே, உள்ளே இந்தச் சமநிலை மிக இறுக்கமாகப் பேணப்படுகிறது என்பதற்குச் சான்று.

அப்படித் தாங்குவதற்கு உள்ளே எவ்வளவு சூடு வேண்டும்? துணிக்கை ஒன்றின் வெப்பச் சக்தி, அதைப் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்புச் சக்தியோடு ஒத்த அளவில் இருக்க வேண்டும்:

kT ≈ GMm/R

இங்கே T வெப்பநிலை, k போல்ட்ஸ்மன் மாறிலி, G ஈர்ப்பு மாறிலி, M சூரியனின் திணிவு, R அதன் ஆரை, m துணிக்கை ஒன்றின் சராசரித் திணிவு. சூரியனின் உட்பகுதியில் ஐதரசன் புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிந்து கிடப்பதால், m என்பது புரோத்தனின் திணிவில் ஏறத்தாழ அரைப்பங்கு. எண்களைப் பிரதியிட்டால் ஏறத்தாழ 1.2 கோடி கெல்வின் என்று வருகிறது. விரிவான கணிப்புகள் தரும் மைய வெப்பநிலை 1.57 கோடி கெல்வின். இவ்வளவு எளிய கணக்கு இவ்வளவு கிட்ட வந்து நிற்பது எனக்கு இன்றும் பெரும் மகிழ்ச்சி தரும் விடயம். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று: இந்தச் சமன்பாட்டில் இணைவைப் பற்றி ஒரு குறியீடுகூட இல்லை. திணிவையும் ஆரையையும் சொன்னால், உள்ளே எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்பதை ஈர்ப்பே தீர்மானித்துவிடுகிறது.

இனித்தான் விடையின் மற்றப் பாதி. சூடான பொருள் எதுவும் வெப்பத்தை இழந்தால் ஆறும் என்பது நமது அன்றாட அனுபவம். தன் ஈர்ப்பாலேயே கட்டுண்டு நிற்கும் வாயுக் கோளம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. அது வெப்பத்தை இழந்தால் அமுக்கம் சற்றுத் தளர்கிறது, நிறை வெல்கிறது, கோளம் சுருங்குகிறது. சுருங்கும்போது படைகள் உள்நோக்கி விழுவதால் ஈர்ப்புச் சக்தி வெளிப்படுகிறது. அதில் பாதி ஒளியாக வெளியே போகிறது, மறுபாதி உள்ளேயே வெப்பமாகத் தங்குகிறது. ஆகவே வெப்பத்தை இழந்த கோளம் முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகச் சூடாகிறது. மறுபக்கமும் இதே போலத்தான்: அதற்குள் சக்தியைக் கூட்டினால் அது விரிந்து, விரிவதற்காகத் தன் வெப்பத்தையும் செலவழித்து, ஆறிப் போகிறது.

இதைச் சூரியனின் மையத்தில் பொருத்திப் பார்க்கலாம். அங்கே வெப்பநிலை ஏதோ காரணத்தால் நூற்றில் ஒரு பங்கு கூடியது என்று கொள்வோம். புரோத்தன்கள் இணையும் வீதம் வெப்பநிலையின் ஏறத்தாழ நாலாம் அடுக்குக்கு விகிதசமமானது. எனவே சக்தி பிறக்கும் வீதம் நூற்றில் நாலு பங்கு கூடும். மேலே கிடக்கும் வாயு ஒளிக்கு அவ்வளவு எளிதில் வழிவிடுவதில்லை என்பதால், கூடுதலாகப் பிறந்த சக்தி உடனே வெளியேற முடியாமல் உள்ளே தேங்கும். தேங்கினால் மையம் மேலுள்ள நிறையைத் தள்ளிக்கொண்டு விரியும். விரிந்தால் அடர்த்தியும் வெப்பநிலையும் குறைந்து, இணைவு பழைய வீதத்துக்கு இறங்கும். இணைவு குறைந்து போனால் இதே சங்கிலி எதிர்த்திசையில் ஓடி, மையம் சுருங்கிச் சூடேறி, வீதத்தை மீட்டெடுக்கும். குண்டில் இந்தத் திருத்தம் நிகழ வழியே இல்லை. அதன் எரிபொருளை அமுக்கி வைத்திருக்க மேலே எந்த நிறையும் இல்லாததால் அது சூடேறிச் சிதறுவதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது.

எரிபொருளும் வேறானது. குண்டில் பயன்படுவது எளிதில் இணையும் பாரமான ஐதரசன் வகைகள். சூரியனில் இருப்பதோ சாதாரண ஐதரசன். இரண்டு புரோத்தன்கள் நெருங்கி வரும் அந்தக் கணத்திலேயே அவற்றுள் ஒன்று நியூத்திரனாக மாறினால் மட்டுமே அவை ஒட்டும். அது அவ்வளவு அரிதாக நடப்பதால், மையத்திலுள்ள புரோத்தன் ஒன்று சராசரியாக 1000 கோடி ஆண்டுகள் என்ற அளவில் காத்திருக்க நேர்கிறது. சூரியனின் நடுமையத்தில் ஒரு கன மீற்றர் வாயு வெளிவிடும் வலு 300 வாற்றுக்கும் குறைவு. அதே கனவளவுக்குக் கணக்கிட்டால் மனித உடல் அதைவிடக் கூடுதலான வெப்பத்தை வெளிவிடுகிறது. சூரியன் இவ்வளவு ஒளிர்வதற்குக் காரணம் அதன் பருமனே தவிர, உள்ளே எரிவதன் உக்கிரம் அல்ல.

இதை வகுப்பில் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அப்ப இணைவு இப்ப நிண்டால் சூரியன் உடனை அணைஞ்சு போகுமோ?” மிகச் சரியான இடத்தில் விழுந்த கேள்வி அது. அணையாது. இணைவே இல்லாவிட்டாலும் சூரியன் மெல்லச் சுருங்கியபடி ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் ஒளிரக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் என்ற பௌதிகவியலாளர்கள் சூரியன் உண்மையில் அப்படித்தான் ஒளிர்கிறது என்று கணித்தார்கள். அந்தக் காலம் பூமியின் பாறைகள் காட்டிய வயதுக்குப் போதவில்லை என்பதுதான் சிக்கலாயிற்று. இணைவு அந்தச் சுருக்கத்தை நிறுத்தி வைத்திருப்பதால் 3 கோடி ஆண்டுகள் 1000 கோடி ஆண்டுகளாக நீள்கின்றன.

இணைவு நின்றுவிட்டால் அதை நாம் எப்படி அறிவோம் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மையத்தில் பிறந்த சக்தி வாயுவில் மோதி மோதி மேற்பரப்புக்கு வர ஒரு இலட்சம் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இன்று நம் முற்றத்தில் விழும் வெயில் பழைய கணக்கு. இணைவில் கூடவே பிறக்கும் நியூத்திரினோக்கள் என்ற நுண்ணிய துணிக்கைகளோ எதிலும் தடைப்படாமல் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் பூமியை அடைந்துவிடும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் அமைந்த பொறெக்சினோ உணர்கருவி, முதற்படி இணைவில் வரும் நியூத்திரினோக்களை நேரடியாக அளந்த முடிவை 2014இல் வெளியிட்டது. அவற்றிலிருந்து கணித்த வலுவும் சூரிய ஒளியில் நாம் அளக்கும் வலுவும் அளவீட்டு வழுவுக்குள் ஒத்துப்போயின. அதாவது இன்றைய மையமும் ஒரு இலட்சம் ஆண்டுக்கு முந்திய மையமும் ஒரே வீதத்தில்தான் வேலை செய்கின்றன. சீராக ஒளிர்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் சீர் என்பது முற்றாக மாறாமை அல்ல. நாலு புரோத்தன்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு ஆகும்போது துணிக்கைகளின் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் அதே வெப்பநிலையில் அமுக்கமும் குறையும். அதை ஈடுகட்ட மையம் சிறிது சிறிதாகச் சுருங்கிச் சூடேறுகிறது. இதனால் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தபோது இருந்ததைவிடச் சூரியன் இன்று பத்தில் மூன்று பங்கு அளவில் கூடுதலாக ஒளிர்கிறது. திணிவு கூடிய நட்சத்திரங்களில் சமநிலை இதே வகையானதுதான், கசிவுதான் பெரிது. மார்கழி மாலையில் வயல்வெளிக்குக் கிழக்கே செந்நிறமாக எழும் திருவாதிரை சூரியனைப் போலப் பத்து மடங்குக்கு மேல் திணிவு கொண்டது. அதன் வயது ஒரு கோடி ஆண்டு அளவில்தான், அதற்குள்ளேயே அது முதுமைக்கு வந்துவிட்டது.

இந்தத் தற்கட்டுப்பாடு தவறும் இடமும் உண்டு. வாயு சூடேறினால் அமுக்கம் கூட வேண்டும் என்பதுதான் முழுச் சங்கிலிக்கும் முதற் கண்ணி. சூரியனின் மையத்தில் ஐதரசன் தீர்ந்தபின், எஞ்சும் ஹீலியம் மிகவும் நெருங்கி அடைபடும். அப்போது தாங்கும் அமுக்கம் இலத்திரன்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற விதியிலிருந்து வரும். அது அடர்த்தியைப் பொறுத்ததே அன்றி வெப்பநிலையைப் பொறுத்தது அல்ல. வெப்பநிலை 10 கோடி கெல்வினை எட்டி ஹீலியம் இணையத் தொடங்கும்போது மையம் சூடேறும், ஆனால் விரியாது, விரியாததால் ஆறாது, ஆறாததால் இணைவு இன்னும் வேகமெடுக்கும். உச்சக்கட்டம் நிமிடக் கணக்கில் நடந்து முடிந்துவிடும். அப்போதும் நட்சத்திரம் சிதறாது. வெளிப்படும் சக்தி அந்த நெரிசலைத் தளர்த்துவதிலேயே செலவாகிறது. தளர்ந்ததும் அமுக்கம் மறுபடி வெப்பநிலையைப் பின்தொடரத் தொடங்கி, மையம் விரிந்து ஆறி, ஹீலியம் அடுத்த 10 கோடி ஆண்டுகள் அளவுக்கு அமைதியாக எரியும்.