கூட்டல் கணக்கில் அடங்காதது

கேள்வி: இன்டர்செக்‌ஷனாலிட்டி என்று எங்கு பார்த்தாலும் பேசுகிறார்கள். கறுப்பினம் என்றால் ஒரு மதிப்பெண், பெண் என்றால் இன்னொன்று, ஏழை என்றால் மூன்றாவது என்று கூட்டி, யார் அதிகம் பாதிக்கப்பட்டவர் என்று வரிசைப்படுத்துவதுதானே இது? வேலையில்லாத வெள்ளைக்காரரைவிடக் கோடீஸ்வரக் கறுப்பினப் பெண் பாவப்பட்டவரா?

பதில்: இனம், பாலினம், வர்க்கம் எல்லாம் ஒரே மனிதரிடம் ஒன்றோடொன்று சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பதுதான் இது. கூட்டல் கணக்கு போட்டால் சில மனிதர்கள் கண்ணிலேயே படாமல் போய்விடுகிறார்கள் என்று காட்டத்தான் இந்தச் சொல்லே வந்தது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் ஒரு சட்ட இதழ்க் கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். அவர் எடுத்துக்கொண்டவை நீதிமன்றத் தீர்ப்புகள். அவற்றில் ஒன்றை மட்டும் பொறுமையாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

செயின்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. டெக்ரஃபென்ரீட் எதிர் ஜெனரல் மோட்டார்ஸ் என்று பெயர். தீர்ப்பு வந்தது 1976-இல். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. அந்த ஆண்டு வந்த குடிமை உரிமைகள் சட்டம் வேலையில் இனம், பாலினம் பார்ப்பதைத் தடை செய்தது. அதன் பிறகுதான் அவர்களுக்குக் கதவு திறந்தது. 1970-களில் பொருளாதாரம் சரிந்தபோது ஆட்குறைப்பு வந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற பணிமூப்பு விதிப்படி ஆட்களை நீக்கினார்கள். 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் ஒருவர் விடாமல் வேலையிழந்தார்கள்.

பணிமூப்பு விதி கெட்ட விதி அல்ல. மேற்பார்வையாளர் தனக்குப் பிடிக்காதவரை நினைத்தபோது துரத்திவிடக் கூடாது என்பதற்காகத் தொழிலாளர்கள் போராடி வாங்கிய பாதுகாப்பு அது. அதில் இனம் பற்றியோ பாலினம் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் நேற்றுவரை உள்ளே வரவே விடாதவர்களை, 'நீங்கள் தாமதமாக வந்தவர்கள்' என்று சொல்லி முதலில் வெளியே அனுப்பும்போது, பழைய தடையையே அந்த விதி இன்னொரு முறை நடத்திக் காட்டுகிறது. தொழிலாளி வர்க்கத்தைக் காத்த ஒரு விதி, அதே வர்க்கத்தின் ஒரு பகுதியை இப்படித்தான் கைவிட்டது.

அந்தப் பெண்கள் பாகுபாடு என்று வழக்கு போட்டார்கள். நீதிமன்றம் முதலில் பாலினத்தைப் பார்த்தது. இந்த நிறுவனம் 1964-க்கு முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே, அப்புறம் எங்கே பாலினப் பாகுபாடு என்றது. எடுத்தது உண்மைதான், ஆனால் அந்தப் பெண்கள் வெள்ளையினப் பெண்கள். இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மேல் ஏற்கெனவே நடக்கும் இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. எங்கள் குறை வெறும் இனம் பற்றியதல்ல, கறுப்பினப் பெண்களாக எங்களுக்கு நேர்ந்தது பற்றியது என்றார்கள் அவர்கள். இனம் என்று வாருங்கள், அல்லது பாலினம் என்று வாருங்கள், இரண்டையும் இணைத்து ஒரு புது வகையாக வர முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சட்டம் தெரியாவிட்டாலும் இந்த இடத்தை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். நானாகக் கற்பனை செய்த இரண்டு தொழிற்சாலைகள், ஒவ்வொன்றிலும் 100 பேர். முதலாவதில் வெள்ளையின ஆண்கள் 60, கறுப்பின ஆண்கள் 20, வெள்ளையினப் பெண்கள் 20. இரண்டாவதில் வெள்ளையின ஆண்கள் 70, மற்ற மூன்று பிரிவிலும் பத்துப் பத்துப் பேர். இப்போது எத்தனை பெண்கள் என்று கேளுங்கள். இரண்டிலும் 20. எத்தனை கறுப்பினத்தவர் என்று கேளுங்கள். இரண்டிலும் 20. ஆண்டறிக்கையில் இரண்டும் ஒரே மாதிரி நல்ல பெயர் வாங்கும். ஆனால் முதல் தொழிற்சாலையில் ஒரு கறுப்பினப் பெண்கூட இல்லை. இனத்துக்கு ஒரு பட்டியல், பாலினத்துக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தால், எத்தனை வருடமானாலும் அந்தப் பூஜ்யம் வெளியே வராது. இரண்டையும் குறுக்காகப் போட்டு, நான்கு கட்டங்களையும் தனியாக எண்ணினால்தான் வரும்.

பிறகு 1983-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு நேரெதிரான காரணம் சொன்னது. ஹெலிகாப்டர் நிறுவனம் ஒன்றில் பதவி உயர்வில் பாகுபாடு என்று வழக்கு போட்ட கறுப்பினப் பெண், அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேச விரும்பினார். நீங்கள் பெண் என்று புகார் செய்யவில்லை, கறுப்பினப் பெண் என்று செய்திருக்கிறீர்கள், ஆகவே வெள்ளையினப் பெண்களுக்காக நீங்கள் பேச முடியுமா என்பது சந்தேகம் என்றது நீதிமன்றம். முந்தைய வழக்கில் 'நீங்களும் மற்றப் பெண்களும் ஒன்றுதான்' என்று தோற்கடித்தார்கள். இதில் 'நீங்கள் வேறு' என்று. வெள்ளையினப் பெண் பெண்களுக்காகப் பேச வந்தால் 'நீ வெள்ளையினப் பெண்ணாயிற்றே' என்று யாரும் தடுத்ததில்லை என்பதை கிரென்ஷா சுட்டிக்காட்டுகிறார். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் உறைத்த இடம் அதுதான்.

அவர் சொன்ன உவமை நாற்சந்தி, ஆங்கிலத்தில் இன்டர்செக்‌ஷன். நான்கு பக்கமும் வண்டிகள் வரும் இடத்தின் நடுவில் ஒருவர் நிற்கிறார். அடிபட்டால், இந்தச் சாலை வண்டியா அந்தச் சாலை வண்டியா என்று எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில் மோதியிருக்கும். எந்த வண்டி என்று நிரூபித்தால்தான் மருத்துவமனைக்கு எடுத்துப்போவேன் என்று அவரிடம் சொன்னால் எப்படியிருக்கும்?

சரி, உங்கள் கோடீஸ்வரக் கறுப்பினப் பெண்ணுக்கு வருகிறேன். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் அப்படிப்பட்டவர்தான். 2017 செப்டம்பரில் அறுவை சிகிச்சை மூலம் அவருக்குக் குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சு வாங்கியது. அவருக்கு முன்பே நுரையீரலில் ரத்தக் கட்டி வந்திருந்ததால் என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று நர்ஸிடம் சொன்னார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்ததாகவும், முதலில் காலில் அல்ட்ராசவுண்ட் எடுத்ததாகவும் பிற்பாடு அவரே பேட்டியில் விவரித்தார். காலில் ஒன்றுமில்லை. கடைசியில் சி.டி. எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன.

இது எந்த நோயாளிக்கும் நடக்கக்கூடியது, ஒரு சம்பவத்தை வைத்து இனம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று நீங்கள் வாதிடலாம். நியாயம்தான். அதனால்தான் மொத்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 2022-இல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் மரணம் வெள்ளையினத்தவரிடம் 19, கறுப்பினத்தவரிடம் 49.5. பிரசவம் என்பதே பெண்ணுக்கு மட்டும் நேர்வது. அதற்குள் இனம் இவ்வளவு பெரிய இடைவெளியைப் போடுகிறது. செரீனாவிடம் இருந்த பணமும் புகழும் மீண்டும் மீண்டும் வற்புறுத்தும் வலிமையைத் தந்தன. முதல் முறை சொன்னபோதே நம்பப்படுவதை அவை வாங்கித் தரவில்லை. பணமில்லாத தாய்க்கு வற்புறுத்தும் அந்த வலிமையும் இருக்காது. வர்க்கம் இங்கே வேலை செய்வது இப்படித்தான்.

மதிப்பெண் கணக்கு உடையும் இன்னொரு இடமும் உண்டு. உங்கள் கணக்குப்படி கறுப்பின ஆணுக்குக் கறுப்பினப் பெண்ணைவிட ஒரு மதிப்பெண் குறைவு. ஆனால் நியூயார்க் தெருக்களில் காவலர்கள் நிறுத்திச் சோதனை போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள், அதாவது ஆண்கள். அந்தத் தெருவில் ஆணாக இருப்பது சலுகை இல்லை. இனத்தோடு சேர்ந்து அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகிறது. அதே ஆண் அலுவலகத்துக்குள் போனால் நிலைமை வேறாக இருக்கலாம். யாருக்கு எவ்வளவு என்று நிரந்தரமாக எழுதிவைக்க முடியாது. எந்த இடம், எந்த விதி என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

வேலையில்லாத அந்த வெள்ளைக்காரரின் கஷ்டம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லப்போனால், 1964 சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவில் இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு என்று ஐந்துதான் இருக்கின்றன. ஏழ்மை இல்லை. ஏழை என்பதற்காக ஒருவரை ஒதுக்கினால் அந்தச் சட்டத்தில் அவருக்குக் கதவே கிடையாது. வர்க்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் இந்தப் பார்வை அவரையும் பார்க்கச் சொல்கிறது.

இதற்கு ஓர் உதாரணம். 1935-இல் அமெரிக்காவில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது, பண்ணைத் தொழிலாளர்களையும் பிறர் வீட்டில் வேலை செய்பவர்களையும் விட்டுவிட்டார்கள். அதில் இனம் என்றோ பெண் என்றோ எழுதவில்லை. ஆனால் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் அன்று செய்தது இந்த இரண்டு வேலைகளைத்தான். அதே வேலை செய்த ஏழை வெள்ளையினப் பெண்களும் கூடவே விடுபட்டார்கள். ஒழுங்காக ஓரிடத்தில் வேலை பார்த்த வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கும் திருத்தம் 1950-இல்தான் வந்தது.

இந்தப் பார்வைக்கு எல்லையும் உண்டு. கட்டங்களைப் பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றிலும் நான்கைந்து பேர்தான் மிஞ்சுவார்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில், நடந்தது பாகுபாடா தற்செயலா என்று புள்ளிவிவரத்தால் சொல்ல முடியாது. அப்போது விதி எப்படி எழுதப்பட்டது, யார் எப்போது உள்ளே விடப்பட்டார்கள் என்ற வரலாற்றைத் தோண்ட வேண்டும். செயின்ட் லூயிஸ் வழக்கில் இருந்த வலுவே அந்த வரலாறுதான்.

அந்த வழக்கின் மேல்முறையீட்டில் 1977-இல் தீர்ப்பு வந்தது. கீழ் நீதிமன்றத்தின் வாதத்தை முழுவதும் ஏற்கவில்லை என்றார்கள் மேல் நீதிமன்றத்தார். ஆனால் நேர்மையான பணிமூப்பு முறையைச் சட்டம் பாதுகாக்கிறது என்று அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருந்ததால், ஆட்குறைப்பு விஷயத்தில் அந்த ஐந்து பேரும் தோற்றார்கள். கறுப்பினப் பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்பது தனியாகவே நிற்கக்கூடிய புகார் என்று வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது 1980-இல்.