பிங் சரி, காப்பி மட்டும் திணறுகிறது

"பிங்கில் பிரச்சினை இல்லை. சர்வருக்குப் பெரிய ஃபைல் காப்பி பண்ணும்போதுதான் பாக்கெட் லாஸ். கேபிள் மாற்றியாச்சு. ஸ்விட்ச் போர்ட் 100 ஃபுல் என்று ஃபிக்ஸ் பண்ணியிருக்கு."

அந்த 100 ஃபுல்லைத்தான் நான் சந்தேகப்படுவேன். சர்வரில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
ethtool eth0
```

`Duplex: Half` என்று வந்தால் அதுதான் காரணம். இரு முனையும் வேகத்தையும் டூப்ளெக்ஸையும் பேசி முடிவு செய்யும் ஆட்டோவைப் போர்ட்டில் நிறுத்திவிட்டால் சர்வர் வேகத்தை மட்டும் சிக்னலில் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸ் தெரியாததால் ஹாஃபுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறைக்குப் போய்விடும். அப்புறம் ஸ்விட்ச் நினைத்த நேரத்தில் அனுப்பும், சர்வர் அதை மோதல் என்று எடுத்துக்கொண்டு ஃபிரேமைப் பாதியில் வெட்டும். பிங்கில் இருபக்கமும் ஒரே நேரத்தில் அனுப்புவது அரிது, அதனால் தெரியாது. காப்பி ஓடும்போது ஸ்விட்ச் போர்ட்டில் சிஆர்சி எரரும் சர்வரில் லேட் கொலிஷனும் ஏறினால் உறுதி.

இரண்டு முனையையும் ஆட்டோவில் வையுங்கள். இரண்டும் ஜிகாபிட் போர்ட்டாக இருந்தும் 100-லேயே நின்றால், அப்போது கேபிளைப் பாருங்கள்: 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும்.