விமர்சனத் தலைப்பில் எதைச் சொல்லலாம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் திரை விமர்சனம் எழுதிவருகிறோம். 'த்ரிஷ்யம் 2' விமர்சனத்துக்குக் கதையில் வரும் ஒரு விஷயத்தை வைத்தே தலைப்பிட்டோம். படம் பார்க்காதவர்கள் கோபித்துக்கொண்டார்கள். 'ஒரு பார்வை' என்று மாற்றினோம். இப்போது கூகுளில் தேடினால் கிடைப்பதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் வழி உண்டா?

– ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

படம் பார்க்காதவருக்குக் கதை தெரியாது. கதையில் வரும் எதையும் அவர் தேடுபெட்டியில் தட்டப்போவதில்லை. படத்தின் பெயர், மொழி, நடிகர், வருடம், கூடவே `review`, இவ்வளவுதான் அவர் கையில் இருக்கிறது. திருப்பத்தைத் தலைப்பில் வைப்பதால் தேடலில் ஒரு பயனும் கிடையாது. இந்த நான்கையும் சரியாகச் சொல்வதில்தான் வேலை இருக்கிறது.

நீங்கள் எடுத்துக்கொண்ட படமே அதற்கு நல்ல சோதனை. 2021-இல் மட்டும் அந்தப் பெயரிலும் அதை ஒட்டிய பெயரிலும் மூன்று படங்கள் வந்தன: மோகன்லால் நடித்த மலையாளப் படம், வெங்கடேஷ் நடித்த தெலுங்குப் படம், ரவிச்சந்திரன் நடித்த கன்னடப் படம். அஜய் தேவ்கன், தபு நடித்த இந்திப் படம் 2022-இல் வந்தது. அதனால் வருடம் இந்தியை மட்டும்தான் பிரித்துக் காட்டும். 'அமேசான் பிரைம் வெளியீடு' என்று சேர்த்தாலும் போதாது, மலையாளமும் தெலுங்கும் நேரடியாக அங்கேதான் வந்தன. மீனாவின் பெயரும் உதவாது, இரண்டிலும் அவர்தான் நாயகி. மொழியும் நாயகன் பெயரும் சேர்ந்தால்தான் எந்தப் படம் என்று சந்தேகமில்லாமல் தெரியும். நான் இப்படி வைப்பேன்:

`த்ரிஷ்யம் 2 (மலையாளம், 2021) விமர்சனம்: மோகன்லால், மீனா | Drishyam 2 Review`

'மலையாள விமர்சனம்' என்று எழுதாதீர்கள். விமர்சனமே மலையாளத்தில் இருக்கிறது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். நம் ஆட்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், அதனால் படத்தின் பெயர் இரண்டு எழுத்திலும் இருக்கட்டும். தேடல் முடிவில் நீளமான தலைப்பு திரை அகலத்துக்கு ஏற்ப வெட்டுப்படும். தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடிப்பதால் பெயரும் மொழியும் வருடமும் முதலில் வரவேண்டும். 'பாபநாசம்' பார்த்துவிட்டு இரண்டாம் பாகம் தேடி வருகிறவர்களும் உண்டு. தமிழில் அது எடுக்கப்படவில்லை என்பதை முதல் பத்தியில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள், தலைப்பில் திணிக்க வேண்டாம்.

இனி எதை விடுவது. திருப்பம் என்னவென்று சொல்லாமல் 'அதிரவைக்கும் திருப்பம்' என்று மட்டும் எழுதுவதும் என் கணக்கில் கதையைச் சொல்வதுதான். படிக்கிறவர் அதற்காகவே காத்திருந்து, முன்கூட்டியே ஊகித்துவிடுவார். 'கண்கலங்க வைக்கும் முடிவு' அதைவிட மோசம், அது பாதிக் கதை. இரண்டாம் பாகம் என்றால் இன்னும் கவனம் தேவை. 'மறுபடியும்' என்று தொடங்கும் எந்தக் கேள்வியும் முதல் பாகத்தின் முடிவைச் சொல்லிவிடும், அதைப் பார்க்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நடிகர்களில் போஸ்டரிலும் டிரெய்லரிலும் வந்தவர்களை மட்டும் போடுங்கள். படக்குழு ஒளித்துவைத்த கௌரவத் தோற்றம் தலைப்புக்கு வரக்கூடாது. 'வில்லனாக இன்னார்' என்பதும் வேண்டாம். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்றால் ஆக்கத்தைப் பற்றிச் சொல்லுங்கள்: 'நிதானமான முதல் பாதி' என்பது யாரையும் காயப்படுத்தாது.

தலைப்பை மாற்றினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் பக்கத்தின் முகவரி முதலில் வைத்த தலைப்பிலிருந்து உருவாகி அப்படியே நின்றுவிடும். உங்கள் பழைய தலைப்பு அங்கே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் `drishyam-2-malayalam-2021-review` என்று மாற்றி, பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போது தெரியும் தலைப்பு `og:title` என்ற தனிக் குறியிலிருந்து வருவது, அதையும் திருத்துங்கள்.

கடைசியாக, தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரிகள். அவற்றைக் கூகுள் உங்கள் கட்டுரையின் எந்த இடத்திலிருந்தும் எடுக்கலாம். முடிவை அலசும் பத்திகளை இதற்குள் வையுங்கள், அங்கிருந்து எடுக்காது:

```html
<section data-nosnippet>
முடிவைப் பேசும் பத்திகள்
</section>
```

மாற்றியது தேடலில் உடனே தெரியாது. கூகுள் அந்தப் பக்கத்தை மறுபடி படித்த பிறகுதான் புதுத் தலைப்பு வரும். சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்கலாம். படம் பார்க்காத ஒரு நண்பரை விட்டு, கைபேசியில் `drishyam 2 malayalam review` என்று தேடச் சொல்லுங்கள். அவர் திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்து மீதியைத் திருத்திக்கொள்ளலாம்.