ஓடிக்கொண்டிருக்கும் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்டில் ஆண்டு விலை உயர்வு ஷரத்து சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஒரு தொழிற்சாலைக்கு மூன்று வருட ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறேன். 20 பேர் வேலை செய்கிறார்கள். ரேட் மூன்று வருடத்துக்கும் ஒன்றுதான், உயர்வு பற்றி ஒரு வரிகூட இல்லை. ஏப்ரலில் சம்பளம் ஏறியதும் கையைக் கடிக்கிறது. நடுவில் ஷரத்து சேர்க்க முடியுமா? எத்தனை சதவீதம் கேட்கலாம்?

பதில்:

சேர்க்கலாம். ஆனால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். நீங்கள் மட்டும் லெட்டர் அனுப்பிவிட்டு அடுத்த மாத பில்லில் ரேட்டை ஏற்றினால், பில் திரும்பி வருவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. பழைய ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு துணை ஒப்பந்தம் போட வேண்டும். அதில் கம்பெனி சார்பில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட வேண்டும். சைட்டில் உங்களோடு பேசும் அட்மின் மேனேஜருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இருக்காது.

எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே மேன்பவர் தொழிலில்தான் இருக்கிறேன். சதவீதத்தை முதலில் பேசாதீர்கள் என்பேன். ஒரு ஆளுக்கான ரேட்டைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். புரிவதற்காக ஒரு கணக்கு, எண்கள் உதாரணத்துக்குத்தான். அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும் சேர்த்து 14,000 ரூபாய். நிர்வாகக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து முதலாளி பங்கு பி.எஃப். 13 சதவீதம், அதாவது 1,820. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், 455. போனஸ் 8.33 சதவீதம், 1,166. யூனிஃபார்ம், பினாயில், மாப் வகையறா 1,559 என்று வைப்போம். அடக்கம் 19,000. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 1,500. ஆக ஜி.எஸ்.டி. இல்லாமல் ரேட் 20,500.

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் டி.ஏ., சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்து ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். இந்த முறை 650 ரூபாய் ஏறியது என்று வையுங்கள். உங்களுக்குச் செலவு 650 அல்ல. அதன் மேலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் என்று 24.58 சதவீதம் ஏறுவதால் 810 ரூபாய். ரேட் அப்படியே நின்றால் இந்த 810 உங்கள் 1,500இல் இருந்துதான் போகும், மிச்சம் 690. அடுத்த ஏப்ரலில் இன்னொரு 650 ஏறினால் ஆளுக்கு 120 ரூபாய் கைக்காசு போட்டு வேலை பார்ப்பீர்கள். சூப்பர்வைசர் செலவும், பில் பணம் வர இரண்டு மாதம் ஆகும்போது சம்பளத்துக்கு வாங்கும் கடனின் வட்டியும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

இப்போது, ‘வருடம் 5 சதவீதம்’ என்று ஒரே வரியில் ஷரத்து வாங்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். 20,500க்கு 1,025 கிடைக்கும், 810ஐ ஈடுகட்டிவிடும். சாதாரண வருடத்தில் இது போதும். சிக்கல், அரசு டி.ஏ.வோடு நிற்காமல் அடிப்படை ஊதியத்தையே திருத்தும் வருடத்தில் வரும். ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்தத் திருத்தம் வரும் வருடத்தில் 5 சதவீதம் எந்த மூலைக்கு? அதே நேரம் டி.ஏ. குறைவாக ஏறிய வருடத்தில், ‘இவ்வளவு ஏன் கொடுக்க வேண்டும்’ என்று கம்பெனி கேட்கும். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

அதனால் ரேட்டை மூன்றாக உடைத்து ஷரத்து எழுதச் சொல்வேன். சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் ஆகியவை அரசு அறிவிப்பின்படி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு, ரூபாய்க்கு ரூபாய். பொருள் செலவு வருடம் 5 சதவீதம் என்று நிலையாக. முடிந்தால் பொருளைக் கம்பெனியே வாங்கித் தரட்டும், தலைவலி குறையும். சர்வீஸ் சார்ஜ் சதவீதமாக இல்லாமல் ரூபாயாகவே நிற்கட்டும். அதற்கும் வருடம் சிறு உயர்வு கேட்கலாம், ஆனால் சம்பளம் ஏறும் தொகையின் மேல் சர்வீஸ் சார்ஜ் போடாதீர்கள். சம்பளம் ஏறினால் உனக்கும் லாபம் என்ற சந்தேகம் பர்ச்சேஸ்காரர்களுக்கு எப்போதும் உண்டு. அந்தச் சந்தேகம் போனால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: “அரசு குறைந்தபட்ச ஊதியத்தையோ சட்டப்படியான பங்களிப்பு விகிதத்தையோ மாற்றினால், அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதியிலிருந்தே இணைப்பில் உள்ள ரேட் பிரிப்புப்படி கட்டணம் மாறும். இதற்குத் தனி ஒப்புதல் தேவையில்லை.” இதில் உயிர்நாடி ‘நடைமுறைக்கு வரும் தேதி’ என்பதுதான். அறிவிப்பின் நகல் உங்கள் கைக்கு வர மே மாதம் ஆனாலும், ஆட்களுக்கு ஏப்ரல் 1இல் இருந்தே கொடுக்க வேண்டும். ‘கடிதம் கிடைத்த தேதியிலிருந்து’ என்று இருந்தால் ஒரு மாத அரியர் உங்கள் தலையில். ‘பரஸ்பர சம்மதத்தின் பேரில் ரேட் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பேசலாம் என்பதற்கு மேல் அதில் உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

கம்பெனி ஏன் சம்மதிக்க வேண்டும்? நீங்கள் கஷ்டத்தைச் சொன்னால், ‘அன்றே யோசித்திருக்க வேண்டும்’ என்பார்கள். அவர்களுடைய ஆபத்தைச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினாலோ குறைத்துக் கொடுத்தாலோ அந்தப் பாக்கியை முதன்மை முதலாளி, அதாவது தொழிற்சாலை, கொடுத்தாக வேண்டும். 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21(4) பிரிவில் இது இருந்தது, அதற்குப் பதிலாக வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இதே பொறுப்பு உண்டு. பெரிய கம்பெனி என்றால் அவர்களுடைய வாடிக்கையாளர் செய்யும் ஆடிட்டிலும் உங்கள் சம்பளப் பதிவேடு போகும். எனவே பர்ச்சேஸோடு மட்டும் மல்லுக்கட்டாமல் எச்.ஆரையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள். ரேட் பிரிப்பு, போன வருட அறிவிப்பின் நகல், பி.எஃப். சலான், இவை மூன்றையும் மேசையில் வைத்துப் பேசினால் எச்.ஆர். உங்கள் பக்கம் பேசுவார்.

கையெழுத்து ஆன பிறகும் ஒரு இடத்தில் மாட்டும். கம்பெனி சிஸ்டத்தில் பி.ஓ. பழைய ரேட்டில் இருக்கும். புது ரேட்டில் பில் போட்டால் கணக்குப் பிரிவு நிறுத்திவிடும். ஒவ்வொரு முறையும் பி.ஓ. திருத்தம் 15 நாளில் தரப்படும் என்று ஷரத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முந்தைய மாத வித்தியாசத்துக்குப் பழைய பில்லை அடித்துத் திருத்த வேண்டாம். அந்தப் பில்லைக் குறிப்பிட்டு டெபிட் நோட் போடுங்கள், அதற்கும் ஜி.எஸ்.டி. சேரும்.

எதற்கும் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் ஒப்பந்தத்தில் விலகல் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். அது 60 நாள் என்றால், பேச்சை ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்கி மாத இறுதிக்குள் முடிவு கேளுங்கள். மார்ச்சில் தொடங்கினால் நோட்டீஸ் காலம் ஓடும் ஏப்ரல், மே சம்பளத்தைப் பழைய ரேட்டிலேயே தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கும்.