கணவர் ஏமாத்தினது தெரிஞ்ச பிறகு திரும்ப நம்பலாமான்னு டாரட் கார்டுல பாக்க முடியுமா?

கேள்வி: "அவருக்கு ஆபீஸ்ல வேற ஒருத்தியோட பழக்கம் இருந்தது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தெரிஞ்சுது. அழுது மன்னிப்பு கேக்குறாரு. திரும்ப நம்ப முடியுமான்னு டாரட் பாத்தா தெரியுமா? ரெண்டு பேரும் சிங்கப்பூர்லதான் இருக்கோம்."

பாக்கலாம், ஆனா "இவரு திரும்ப பண்ணுவாரா"ன்னு கேட்டு கார்டு எடுக்காதீங்க. ஒருத்தர் அடுத்த வருஷம் என்ன செய்வாருன்னு எந்த கார்டும் சொல்லாது, அவரோட போன்ல என்ன இருக்குன்னும் சொல்லாது. நான் பல வருஷமா இங்க தெரிஞ்சவங்களுக்கு கார்டு பாத்துட்டு வரேன், இந்த விஷயத்துக்கு கார்டு உதவுற இடம் ஒண்ணே ஒண்ணுதான்: உங்களுக்குள்ள ஏற்கெனவே உறுத்திக்கிட்டு இருக்கிறத, நீங்க வாய் விட்டு சொல்ல பயப்படுறத, ஒரு படத்த பாத்து சொல்ல வெக்கும். அதனால கேள்விய இப்படி மாத்திக்கங்க: "திரும்ப நம்புறதுக்கு நான் அவர்கிட்ட என்ன பாக்கணும்?"

இதுக்கு நான் அஞ்சு கார்டு வெப்பேன். வெளிய வந்தது என்ன, இன்னும் வெளிய வராதது என்ன, சரிபண்ண அவர் என்ன செய்றாரு, நான் இப்ப எந்த நிலைல இருக்கேன், அடுத்த மூணு மாசத்துல எதை கவனிக்கணும். ஒவ்வொரு இடத்துக்கும் என்ன அர்த்தம்னு கார்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிடணும், இல்லன்னா மனசு தனக்கு புடிச்ச கார்ட புடிச்ச இடத்துக்கு தள்ளிடும். தலைகீழா வந்த கார்டையும் இந்த கேள்விக்கு நான் நிமித்தி வெச்சிடுவேன், ஏற்கெனவே குழம்பி போய் உக்காந்திருக்கவங்களுக்கு ஒரே கார்டுல ரெண்டு அர்த்தம் வேணாம்.

செங்காங் பக்கம் இருக்கிற ஒரு அக்காவுக்கு பாத்தத சொல்றேன், ஆள் தெரியாத மாதிரி சில விவரம் மாத்தியிருக்கேன், அவங்களும் சம்மதிச்சாங்க. உங்க கதை மாதிரியேதான், வீட்டுக்காரருக்கு கூட வேலை பாக்குறவங்களோட பழக்கம், வாட்ஸ்அப் மெசேஜ்ல தெரிஞ்சு போச்சு. நான் வெச்சிருக்கிறது 1909ல வந்த ரைடர் கட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்ச படங்கள், சின்ன கார்டுல கூட ஆளும் இடமும் வெச்சு ஒரு காட்சியா வரைஞ்சிருப்பாங்க, அதனாலதான் படம் படிக்க தெரியாதவங்களும் அதுல ஏதாவது ஒண்ண பாத்துடுவாங்க.

முதல் இடத்துல டவர் வந்துச்சு, இடி விழுந்து கோபுரத்துலருந்து ரெண்டு பேர் கீழ விழுற படம். அதுல பேச ஒண்ணும் இல்ல, நடந்தது அதுதான்.

ரெண்டாவது இடத்துல, அதாவது இன்னும் வெளிய வராதது இருக்கிற இடத்துல, செவன் ஆஃப் சோர்ட்ஸ். கூடாரங்களுக்கு பக்கத்துல ஒருத்தன் அஞ்சு வாள அள்ளிக்கிட்டு திரும்பி பாத்துக்கிட்டே நழுவுறான், ரெண்டு வாள் தரையில குத்தி நிக்குது. இந்த கார்டு இந்த இடத்துல வந்தா கார்டு பாக்குறவங்க பெரிய தப்பு பண்ணிடலாம், "அவரு இன்னும் மறைக்கிறாரு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டா ஒரு குடும்பம் கார்டு பேச்சால உடையும். நான் படத்த அவங்க பக்கம் திருப்பி வெச்சு, "இதுல உங்க கண்ணு எங்க போகுது"ன்னு மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "அந்த ரெண்டு வாளு"ன்னாங்க. அப்புறம் அவங்களாவே சொல்ல ஆரம்பிச்சாங்க, அவரு மூணு மாசம்தான் பழக்கம்னு சொல்றாரு, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே ஒரு ஜோகூர் பயணம் இருக்கு, அது கணக்குல உதைக்குது, கேட்டா சண்டை வரும்னு கேக்கல. கார்டுக்கு ஜோகூர் தெரியாது. அவங்களுக்கு தெரிஞ்சிருந்துச்சு.

நம்பிக்கை திரும்ப வர்றதுல முக்கியமான இடம் இதுதாங்க. துரோகத்தோட முதல் அடிய தாங்கிக்கிறவங்க கூட, உண்மை கொஞ்சம் கொஞ்சமா சொட்டுறத தாங்க மாட்டாங்க. இன்னைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு வந்தா ஒவ்வொரு தடவையும் கட்டினது எல்லாம் மொத்தமா இடிஞ்சு முதல்லருந்து ஆரம்பிக்கணும், அதோட "அப்ப அழுதது பொய்யா"ன்னு அந்த மன்னிப்பும் சேந்து கெட்டுப் போயிடும். அதனால அந்த அக்கா வீட்டுக்கு போய் அவர்கிட்ட, ஒரே தடவைல முழுசா சொல்லுங்க, எப்ப ஆரம்பிச்சுது, எப்ப முடிஞ்சுது, பணம் போச்சா, இன்னும் தொடர்பு இருக்கா, இத நாலையும் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. படுக்கையறை விவரம் கேக்க வேணாம்னு நான்தான் சொன்னேன், அது மனசுல படமா ஒட்டிக்கும், எதுக்கும் உதவாது. பழக்கம் அவரு சொன்னத விட நீளம்னு தெரிஞ்சுது. வலிச்சுதான் இருக்கும், ஆனா அதுக்கப்புறம் புதுசா எதுவும் வரல.

மூணாவது இடத்துல நைட் ஆஃப் கப்ஸ், குதிரைல ஒருத்தன் கோப்பைய நீட்டிக்கிட்டு மெதுவா வர்றான். பூ, டின்னர், நீளமான மெசேஜ், பாலி டிக்கெட், எல்லாம் அவரு செஞ்சிக்கிட்டிருந்தாரு. பொய்யுன்னு சொல்லல, ஆனா அது முழுக்க உணர்ச்சி. அஞ்சாவது இடத்துல எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ் வந்ததுதான் எனக்கு பிடிச்சுது, ஒரு தொழிலாளி உக்காந்து காசு செதுக்குறான், முடிச்சது எல்லாம் தூண்ல வரிசையா தொங்குது, அவன் யாரையும் பாக்காம அடுத்தத செதுக்கிக்கிட்டிருக்கான். இந்த ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சா கவனிக்க வேண்டியது தெரிஞ்சிடுது. லேட் ஆனா நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே போன் வருதா, அந்த டீம்லருந்து மாற அவரே பாஸ்கிட்ட பேசினாரா, நீங்க பத்தாவது தடவை அதே கேள்விய கேட்டா "இன்னும் எத்தன நாளைக்கு இத பேசுவ"ன்னு எரிஞ்சு விழுறாரா இல்ல பதில் சொல்றாரா. அந்த கடைசி கேள்விக்கு கிடைக்கிற பதில்தான் என் கணக்குல எல்லாத்தையும் விட பெருசு.

நாலாவது, அவங்க இடத்துல ஃபைவ் ஆஃப் கப்ஸ், கருப்பு அங்கி போட்ட ஒருத்தர் கொட்டிப்போன மூணு கோப்பைய பாத்து நிக்கிறாரு, பின்னாடி ரெண்டு நிமிந்து நிக்குது. நிறைய பேர் உடனே "பாரு, ரெண்டு மிச்சம் இருக்கு"ன்னு ஆறுதல் சொல்லிடுவாங்க. அந்த நேரத்துல அது அநியாயம்னு நினைக்கிறேன், கொட்டினத பாத்து அழ அவங்களுக்கு நேரம் வேணும்.

ஒரே கேள்விக்கு திரும்ப திரும்ப எடுக்காதீங்க. ராத்திரி அவரு தூங்கினதும் "இன்னைக்கு பேசினாரா"ன்னு கார்டு எடுக்க ஆரம்பிச்சா அது அவரோட போன நோண்டுற அதே பதட்டம்தான், நல்ல கார்டு வந்தா அரை மணி நேரம் நிம்மதி, அப்புறம் அடுத்த கார்டு. மூணு மாசம் விட்டு, மூணாவது அஞ்சாவது இடத்துக்கு மட்டும் திரும்ப எடுங்க, அதுக்குள்ள நடந்தத ஒரு நோட்டுல தேதியோட எழுதி வெச்சு, அத படிச்சிட்டு கார்ட பாருங்க. நோட்டும் கார்டும் வேற வேற சொன்னா நோட்ட நம்புங்க.

வீட்ல அடி, மிரட்டல், பயம் இருந்தா கார்டே வேணாம், உங்க பேட்டைல இருக்கிற குடும்பச் சேவை நிலையத்துக்கு போங்க. தேக்காவுலயோ ஆன்லைன்லயோ கார்டு பாக்குறவங்க மோசமான கார்டு வந்த உடனே அந்த பொண்ணு செய்வினை வெச்சிருக்கா, எடுக்க தனியா காசு ஆகும்னு சொன்னா எழுந்து வந்துடுங்க, டவரோ வாளோ எந்த கார்டும் செய்வினையா காட்டுறது இல்ல.