மாற்றலாகிப் போகிறேன், மாற்று ஆள் இருக்கிறார்: வாடகைக் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருட அக்ரிமென்டில் எட்டு மாதம் முடிந்தது. முதல் ஒரு வருடம் லாக்-இன், அதற்குள் காலி செய்யக் கூடாது. வேலையில் மாற்றல். அதே வாடகைக்கு நண்பர் ஒருவர் வரத் தயார். ஓனரிடம் எப்படிக் கேட்பது?

பதில்: ஓனரின் கவலை, மிச்சமிருக்கும் நான்கு மாதம் வீடு காலியாகக் கிடக்குமோ என்பதுதான். அந்தக் கவலைக்கு பதில் சொல்வதாக உங்கள் கடிதம் இருக்கட்டும். மாற்றல் உத்தரவின் நகல், காலி செய்யும் தேதி, நண்பரின் வேலை-வருமான விவரம் மூன்றையும் வைத்து, "என்னை விடுவித்து, அவரோடு புது அக்ரிமென்ட் போடுங்கள்" என்று எழுதுங்கள். ஒன்பதாம் மாதக் கடைசியில் நீங்கள் கிளம்பி, வெள்ளையடித்து அவர் பதினைந்து நாள் கழித்து வந்தால், ஓனருக்கு நஷ்டம் அரை மாத வாடகை. அதை நீங்களே தருவதாகச் சொல்லிவிட்டால் பேச்சு சுலபமாகும்.

ஓனர் "சரி" என்று போனில் சொன்னதோடு விடாதீர்கள். இந்தத் தேதியோடு பழைய அக்ரிமென்ட் முடிந்தது என்று இருவரும் கையெழுத்திட்ட தாள் வேண்டும். அது இல்லாமல் நண்பர் மூன்றாம் மாதம் வாடகை தராவிட்டால், ஓனர் கையில் இருப்பது உங்கள் பெயர் போட்ட பத்திரம்.

கேள்வி: ஆள் கொடுத்தால் ஓனர் மறுக்கவே முடியாது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. குடித்தனக்காரர் இடையில் போனால், ஓனரும் நஷ்டத்தைக் குறைக்க முயல வேண்டும் என்பது பல இடங்களில் சட்டம். அதற்காக நீங்கள் காட்டும் ஆளையே ஏற்க வேண்டும் என்றில்லை. அக்ரிமென்டில் அப்படி எழுதியிருந்தால் தவிர.

கேள்வி: நான் புது ஆளிடமே அட்வான்ஸை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டேன். ஒரு பிரச்சினையும் வரவில்லையே?

பதில்: அவர் காலி செய்யும்போது வரும். நீங்கள் ஏசிக்குத் துளைத்த சுவரையும் விரிசல் விட்ட வாஷ்பேசினையும் காட்டி ஓனர் பிடித்தம் செய்வார். புது ஆள் உங்களைத் தேடுவார். அட்வான்ஸ் ஓனர் வழியாகத்தான் போக வேண்டும். காலி செய்யும் அன்று ஓனரோடு அறை அறையாகப் போய்ப் படம் எடுங்கள், மீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கும் மாற்றல், லாக்-இன் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஓனர் என்னை உடனே காலி செய்யச் சொல்கிறார்...

பதில்: அது வேறு வழக்கு. உள்ளூர் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு? நண்பரை உள்வாடகைக்கு வைத்துவிட்டால் போதாதா?

பதில்: போதாது! அனுமதி இல்லாத உள்வாடகை அக்ரிமென்டை மீறியதாகிவிடும். அனுமதி கிடைத்தாலும் வாடகைக்குப் பொறுப்பு நீங்கள்தான். பழைய அக்ரிமென்ட் முடிந்தது என்ற அந்தக் கையெழுத்துத் தாளைத்தான் மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: நான் ஓனர். புது ஆளை விசாரிக்கும் செலவையும் பத்திரச் செலவையும் நான் ஏன் சுமக்க வேண்டும்?

பதில்: நியாயம்தான், கிளம்புகிறவர் தரட்டும். ஆனால் அதைச் சாக்கிட்டு அந்த நான்கு மாத வாடகையையும் வாங்கி, புது ஆளையும் குடிவைத்தால் ஒரே மாதத்துக்கு இரண்டு வாடகை.

கேள்வி: லாக்-இன் என்று கையெழுத்துப் போட்டது அவர்தானே?

பதில்: போட்டார். வீடு காலியாக இருந்தால் கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. உங்கள் வக்கீல் வேறு மாதிரி சொல்லலாம்.