தளத்துக்கு எண் இடுவதும் இடைவெளி காண்பதும்: சில கேள்விகள்

கேள்வி: கனசதுரப் படிகத்தில் ஒரு தளம் x அச்சை 2a-யிலும் y அச்சை 3a-யிலும் வெட்டுகிறது; z அச்சுக்கு இணை. மில்லர் குறியீடு (230) தானே?

இல்லை, (320). வெட்டுத்துண்டுகள் 2, 3, ∞. தலைகீழாக்கினால் 1/2, 1/3, 0. ஆறால் பெருக்கினால் 3, 2, 0. தலைகீழாக்கும் படியைத் தாண்டிவிட்டால் (230) வரும். விடைத்தாள்களில் அடிக்கடி காண்பது இது.

கேள்வி: அதே தளத்துக்கு a = 4 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்து ஆதிப்புள்ளியிலிருந்து செங்குத்துத் தொலைவைக் கணக்கிட்டேன்; 6.66 வந்தது. சூத்திரமோ 1.11 என்கிறது. எது சரி?

இரண்டும் சரி. நீங்கள் அளந்தது அந்த ஒரு தளம் இருக்கும் தொலைவு. d = a/√(h² + k² + l²) தருவது (320) குடும்பத்தில் அடுத்தடுத்த தளங்களின் இடைவெளி: 4/√13 = 1.11. இந்தக் குடும்பத்தில் ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் தளம் அச்சுகளை a/3, a/2 என வெட்டும். உங்கள் தளம் அங்கிருந்து எண்ணினால் ஆறாவது, 6.66-ஐ 1.11-ஆல் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: தளம் ஆதிப்புள்ளி வழியாகவே போனால்?

ஆதிப்புள்ளியைப் பக்கத்து மூலைக்கு நகர்த்துங்கள். x = y தளத்தை x அச்சின் அடுத்த மூலையிலிருந்து பார்த்தால் வெட்டுத்துண்டுகள் –1, 1, ∞; குறியீடு (1̄10). y அச்சின் மூலைக்கு நகர்த்தியிருந்தால் (11̄0) வரும். குடும்பம் ஒன்றுதான், இடைவெளியும் a/√2 தான்.

கேள்வி: சோடியம் குளோரைடில் (200) என்று எழுதுகிறார்கள். பொதுக் காரணியை நீக்கி (100) என்று சுருக்கக் கூடாதா?

படிகத்தின் வெளிமுகத்துக்குப் பெயரிடுகிறீர்கள் என்றால் சுருக்கலாம்; திசைதான் அங்கே முக்கியம். இடைவெளி கணக்கிடும்போது சுருக்கவே கூடாது. a = 5.64 ஆங்ஸ்ட்ராம் என்றால் (200)-க்கு d = 2.82, (100) என்று சுருக்கினால் 5.64 ஆகிவிடும், நேர் இரட்டிப்பு.

எக்ஸ் கதிர்ப் படம் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். தாமிரக் குழாயின் 1.5406 ஆங்ஸ்ட்ராம் கதிருக்கு, 2d sin θ = λ என்பதன்படி, d = 2.82 என்றால் 2θ = 31.7°. உப்பின் மிக வலுவான முகடு நிற்பது அங்கேதான். 5.64 என்றால் 15.7°-இல் முகடு வர வேண்டும். அங்கே ஒன்றும் இராது. காரணம் a/2 உயரத்தில் இருக்கும் அடுக்கு. அதிலும் சோடியமும் குளோரினும் சரிபாதி. கீழடுக்குக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. 15.7°-இல் முழு a இடைவெளிக்குப் பாதை வேறுபாடு ஓர் அலைநீளம் என்றால், நடு அடுக்குக்கு அரை அலைநீளம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கேள்வி: d = a/√(h² + k² + l²) என்ற சூத்திரத்தை நாற்கோணப் படிகத்துக்கும் போடலாமா?

கூடாது. மூன்று அச்சுகளும் சம நீளமாக, ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால் மட்டுமே a-வை இப்படி வெளியே எடுக்க முடியும். நாற்கோணத்தில் 1/d² = (h² + k²)/a² + l²/c².